மலிவுப் பொட்டலத்துக்கு என்ன பெயர் வைப்பது?

பத்தாங் பெர்ஜுந்தையில் லேபிள், ஸ்டிக்கர், பேனர் அச்சிடும் கடை வைத்திருக்கிறேன். ஊரின் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். என் பில் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்திலிருந்து வரும் பெரியவர் யாரும் "பெஸ்தாரி ஜெயா போறேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பலகையில் எழுதும் பெயர் ஒன்று, ஜனங்கள் வாயில் ஓடும் பெயர் இன்னொன்று. இந்தக் கட்டுரையில் பாதி விஷயம் இதற்குள்தான் இருக்கிறது.

என்னிடம் வருகிறவர்களில் பலர் கறித்தூள், முறுக்கு, ஊறுகாய் என்று வீட்டுத் தொழிலாகத் தொடங்கி நல்ல பெயர் எடுத்தவர்கள். கொஞ்ச காலம் போனதும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "விலை கூடுதல்னு சொல்றாங்க. மலிவா ஒண்ணு போடணும். என்ன பேர் வைக்கலாம்?" முதல் சரக்கின் மதிப்பு இறங்கிவிடவும் கூடாது. அவர்களுக்கு நான் சொல்வதை இங்கே கறித்தூளை வைத்து எழுதுகிறேன்.

கற்பனையாக ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: தாழம்பூ. தோட்டத்துப் பக்கம் ஓர் அக்கா மல்லி, சோம்பு, சீரகம், மிளகாய் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, ஏலம் பட்டை சேர்த்து அரைக்கிறார். 250 கிராம் 9 வெள்ளி 50 காசு. கல்யாணச் சமையல்காரர்கள் இதைத்தான் கேட்பார்கள். இப்போது வறுக்காமல் காயவைத்து மட்டும் அரைத்து, ஏலம் பட்டை இல்லாமல், அதே எடையை 5 வெள்ளி 50 காசுக்கு விற்க நினைக்கிறார். பசார் மாலாமில் வாங்குகிற ஆட்களுக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கும்.

முதலில் இந்தத் தப்பைப் பாருங்கள்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது "தாழம்பூ ஜிமாட்" மாதிரி ஒரு பெயர். பழைய பெயரில் நம்பிக்கை இருக்கிறது, ஜிமாட் என்றால் சிக்கனம் என்று மலாய்க்காரர்களுக்கும் புரியும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைப்பார்கள். சில வருடம் முன்னால் இதே அமைப்பில் ஒரு வாடிக்கையாளருக்கு நானே 5,000 லேபிள் அடித்துக் கொடுத்தேன். அப்போது எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

அடுத்த தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு சீனக் கடையில் நின்றிருந்தேன். ஒரு பாட்டி அந்தக் கறித்தூளைப் பெயர் சொல்லிக் கேட்டார், பழைய பெயரை மட்டும். கல்லாவில் இருந்த ஆன்ட்டி கையை நீட்டி, அருகில் இருந்த ஜிமாட் பொட்டலத்தை எடுத்து வைத்தார். பாட்டி விலையைக் கேட்டு, "குறைச்சிட்டாங்களா?" என்று சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார். அன்று இரவு அவர் வீட்டில் ஆட்டுக்கறி எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ருசி சரியில்லை என்றால் அவர் எந்தப் பெயரைத் திட்டியிருப்பார் என்று தெரியும்.

காரணம் எளிது. நீளமான பெயரை ஜனங்கள் சுருக்கும்போது வாலைத்தான் வெட்டுவார்கள், தலையை வெட்ட மாட்டார்கள். "தாழம்பூ ஜிமாட்" கடையில் "தாழம்பூ" ஆகிவிடும். இரண்டு சரக்கையும் பிரித்துக் காட்டுவதற்காக நீங்கள் ஒட்டவைத்த சொல்தான் முதலில் உதிர்ந்து விழும். மிச்சம் நிற்பது, வருஷக்கணக்கில் வறுத்து அரைத்துச் சம்பாதித்த பெயர். இனி அது ஐந்தரை வெள்ளிச் சரக்கின் பெயர்.

பெரிய கம்பெனிகளும் இதில் மாட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் கேப் துணிக்கடை 1993-இல் மலிவுக் கடைகளை "கேப் வேர்ஹவுஸ்" என்ற பெயரில் திறந்தது. அடுத்த வருடமே அந்தப் பெயரை எடுத்துவிட்டு "ஓல்ட் நேவி" என்று வைத்தார்கள். கேப் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. நம் ஊரில் மாஸ் விமான நிறுவனம் 2007-இல் மலிவு விமானம் விட்டபோது "மலேசியா" என்ற சொல்லையே தொடாமல் "ஃபயர்ஃப்ளை" என்று மின்மினிப் பூச்சியின் பெயரை வைத்தது. கோல சிலாங்கூர் பக்கம் படகில் போய் மின்மினி பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொண்டது.

எவ்வளவு தூரம்?

மலிவுப் பெயரை மூன்று தூரத்தில் வைக்கலாம். பழைய பெயரோடு வால் சேர்ப்பது ஒன்று. அதன் கதியைப் பார்த்துவிட்டோம். புதுப் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே சின்னதாக "தாழம்பூ குடும்பத்திலிருந்து" என்று எழுதுவது இன்னொன்று. ஹோட்டல்கள் இப்படிச் செய்கின்றன, அவர்களுக்குச் சரியாகவும் வருகிறது. ஹோட்டலில் அறையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். கறித்தூள் பொட்டலத்துக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, இரண்டும் பழுப்புத் தூள்தான். பார்த்துப் பிரிக்க முடியாத சரக்குக்கு முன்பக்கத்தில் ஒரு தொடர்பும் வேண்டாம் என்பது என் முடிவு. ஆகவே மூன்றாவது தூரம்: முழுக்க வேறு பெயர்.

ஆனால் இதை ரகசியம் காப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் ரகசியம் கிடையாது. அரைவை மில்லில் வேலை செய்கிற பையன் மாலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். ரோலெக்ஸ் கடிகாரத்தைத் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், குறைந்த விலைக் கடிகாரத்துக்காக 1926-இல் "டியூடர்" என்ற பெயரைப் பதிவு செய்து வைத்தார். 1946-இல் அதற்கென்று தனிக் கம்பெனி தொடங்கினார். டியூடர் யாருடையது என்பதை அவர் மறைக்கவில்லை. அப்போது கடிகார உறை ரோலெக்ஸுடையது, உள்ளே ஓடும் இயந்திரம் வெளியில் வாங்கியது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடையில் கேட்கிறவர் வாயில் மட்டும் இரண்டும் இரண்டு சொல். நமக்கு வேண்டியதும் அவ்வளவே.

பெயர்ப் பட்டியலை அலசுவது

ஒரு தாளில் பத்துப் பதினைந்து பெயர் எழுதுங்கள். அந்த அக்காவோடு உட்கார்ந்தால் பட்டியலில் இவை எல்லாம் வந்திருக்கும்: சின்னத் தாழம்பூ, மல்லிகை, அம்மி, லயத்துக் கறி, மதி, தினக்கறி, கரண்டி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"சின்னத் தாழம்பூ" உடனே அடிபடும். சின்ன, தங்கச்சி, ஜூனியர், மினி எல்லாம் உறவு சொல்லும் சொற்கள். அதிலும் "சின்ன" என்று இருந்தால் சின்னப் பொட்டலம் என்றுதான் முதலில் நினைப்பார்கள், 9 வெள்ளி 50 காசுத் தூளையே சின்ன அளவில் எதிர்பார்ப்பார்கள்.

"மல்லிகை" கொஞ்சம் ஏமாற்றும். சொல் வேறு, எழுத்து வேறு, பிறகென்ன என்று தோன்றும். ஆனால் இரண்டும் வாசனைப் பூ. அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி நிற்கும், ஒரே தரத்தில் இரண்டு வகை என்று நினைக்கத் தோன்றும். மல்லி சேர்க்கிற தூளுக்கு மல்லிகை என்றால் வேறு குழப்பமும் வரும். உயர்ந்த பெயர் எந்தக் குடும்பத்துச் சொல்லோ, அந்தக் குடும்பத்துக்கே போகாதீர்கள். பூ என்றால் பூ வேண்டாம், சாமி பெயர் என்றால் இன்னொரு சாமி வேண்டாம், பாட்டி பெயர் என்றால் அம்மா பெயர் வேண்டாம்.

"அம்மி" எனக்கே பிடித்த பெயர். பிரச்சினை என்னவென்றால் அது தாழம்பூவை விட உயர்ந்து நிற்கிறது. அம்மியில் அரைத்தது என்று கேட்கிறவர் மனதில் ஓடும். 5 வெள்ளி 50 காசுச் சரக்கு, 9 வெள்ளி 50 காசுச் சரக்கை விடப் பெரிய வாக்குக் கொடுத்தால் விலை ஏணி தலைகீழாகிவிடும். அது போக, மெஷினில் அரைத்ததை அம்மி என்று விற்றால் 2011-ஆம் ஆண்டு வர்த்தக விவரிப்புச் சட்டத்தில் பொய்யான விவரிப்பு என்று யாராவது புகார் கொடுக்கவும் இடம் உண்டு.

"லயத்துக் கறி" என்று ஒருவர் உண்மையிலேயே என்னிடம் கொண்டுவந்தார். தோட்ட நினைவு, பழைய ருசி என்றார். விலை கூடிய சரக்குக்கு அந்தப் பெயர் வைத்திருந்தால் ஒருவேளை அழகாக இருந்திருக்கும். மலிவுச் சரக்குக்கு வைத்தால், லயத்து ஆட்களுக்கு இது போதும் என்று சொல்வது போல ஆகிறது. லயத்தில் பிறந்தவன் நான். எனக்குச் சுருக்கென்றது. ஏழைமையையோ மலிவையோ பெயரில் எழுதாதீர்கள், வாங்குகிறவர் பொட்டலத்தை வெட்கமில்லாமல் மேசைமேல் வைக்க வேண்டும். மல்லி விலை ஏறி நாளைக்கு நீங்களும் 6 வெள்ளி 20 காசு ஆக்கும்போது, "ஜிமாட்", "மூரா" என்று பெயரிலேயே இருந்தால் அது பொய்யாகிவிடும்.

"மதி" நல்ல தமிழ்ச் சொல். ரூமி எழுத்தில் எழுதி ஒரு மலாய் நண்பரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். "மாத்தி" என்பார், செத்துப்போனது என்று அர்த்தம். சாப்பிடும் பொருளுக்கு! தமிழில் எவ்வளவு அழகாக இருந்தாலும் பசார் மாலாமில் மூன்று இனத்து ஆட்களும் வாங்குவார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ரூமியில் எழுதி, தமிழ் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

"தினக்கறி" பரவாயில்லை, அன்றாடச் சமையலுக்கு என்று சொல்லிவிடுகிறது. ஆனால் அது சரக்கை விவரிக்கும் சொல்லாக இருப்பதால் வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்வது கஷ்டம். நாளைக்கு இன்னொருவரும் வைப்பார்.

மிச்சம் "கரண்டி". பூக் குடும்பம் இல்லை. உசத்தியும் இல்லை, இளப்பமும் இல்லை. நான்கே எழுத்து, வெட்டுவதற்கு வால் கிடையாது. படமாகப் போடலாம் என்பதுதான் பெரிய லாபம். நம் நாட்டில் பாதிச் சரக்கை ஜனங்கள் "சாப்" சொல்லித்தான் கேட்பார்கள். மலாய்க்காரர் "சாப் செண்டோக்" என்று கேட்டாலும் கடைக்காரர் சரியான பொட்டலத்தைத்தான் எடுப்பார்.

கல்லாவில் வைத்துச் சோதனை

பெயர் தேர்வானதும் அச்சுக்கு ஓடிவராதீர்கள். நான் இருபது மாதிரி லேபிள் அடித்துத் தருவேன், எந்த அச்சுக்கடையும் தரும். அவற்றைப் பொட்டலத்தில் ஒட்டி, தாழம்பூவையும் கரண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்களைத் தெரியாத பத்துப் பேரிடம் காட்டுங்கள். எதையும் விளக்காதீர்கள். இரண்டு கேள்வி போதும்: "இதுல எதை எதுக்கு வாங்குவீங்க?" அப்புறம், "ரெண்டும் யாரோட சரக்கா இருக்கும்?" பத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் "ஒரே ஆளோட சரக்குதானே" என்றால் எங்கேயோ ஒட்டு இருக்கிறது. பெரும்பாலும் பெயரில் இருக்காது. ஒரே மஞ்சள் நிறம், ஒரே வளைந்த எழுத்து, ஒரே வகைப் பொட்டலம். அதை மாற்றுவது பெயரை மாற்றுவதை விடச் சுலபம்.

இன்னொரு சோதனை போனில். ஒரு நண்பரைக் கடைக்குப் போன் போட்டு, "தாழம்பூ ரெண்டு, கரண்டி அஞ்சு எடுத்து வைங்க" என்று சொல்லச் சொல்லுங்கள். கடைக்காரர் திருப்பிக் கேட்காமல் எழுதினால் சரி.

பின்பக்கம்

முன்பக்கத்தில் இவ்வளவு பார்த்துவிட்டுப் பின்பக்கத்தில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, தயாரித்தவர் அல்லது பொட்டலம் கட்டியவர் பெயரும் முகவரியும் லேபிளில் இருந்தாக வேண்டும். அக்கா முதலில் தன் வியாபாரத்தை எஸ்எஸ்எம்மில் பதிந்தபோது ஆசையாக "தாழம்பூ எண்டர்பிரைஸ்" என்று பதிந்திருந்தால், கரண்டிப் பொட்டலத்தைத் திருப்பியதும் தாழம்பூ நிற்கும். சட்டத்தை மீறவும் முடியாது. வழி என்னவென்றால், வியாபாரப் பெயர் வேறு, சரக்குப் பெயர் வேறு என்று முதலிலிருந்தே பிரித்துவிடுவது. இரண்டு சரக்குக்கும் பொதுவாக, பூவும் கரண்டியும் இல்லாத ஒரு வியாபாரப் பெயரை எஸ்எஸ்எம்மில் பதியுங்கள். வியாபாரப் பெயருக்கு வருடத்துக்கு 60 வெள்ளி. இரண்டு பொட்டலத்தின் பின்பக்கத்திலும் அது சின்ன எழுத்தில் இருக்கட்டும். தேடிப் பார்க்கிறவருக்கு உண்மை கிடைக்கும், கடந்து போகிறவர் கண்ணில் படாது. இதற்காக "கரண்டி" என்று தனியாக எஸ்எஸ்எம்மில் பதியத் தேவையில்லை. ஒரே வியாபாரத்தின் கீழ் எத்தனை சரக்குப் பெயரும் விற்கலாம்.

சரக்குப் பெயருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அது வர்த்தக முத்திரை பதியும் மைஐபிஓ வேலை. எஸ்எஸ்எம்மில் பெயர் பதிந்துவிட்டதால் முத்திரை உங்களுடையது ஆகிவிடாது. முதலில் அவர்கள் இணையத் தேடலில் அதே பெயர், அதே ஓசை இருக்கிறதா என்று பாருங்கள். மசாலைத்தூள் 30-ஆம் வகுப்பு. அவர்கள் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட பொருள் பட்டியலிலிருந்து எடுத்து விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 950 வெள்ளி, பதிவானால் 10 வருடம். தமிழ் எழுத்தும் முத்திரையில் இருந்தால் அதன் உச்சரிப்பையும் அர்த்தத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள். இரண்டு பெயருக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்றால், "தாழம்பூ ஜிமாட்" தாழம்பூவோடு ஒத்துப்போகிறது என்று மைஐபிஓ தடுக்காது. பதிவு கிடைத்ததை வைத்துப் பெயர் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள், அவர்கள் பார்ப்பது வேறு விஷயம்.

காகிதத்தை விட இப்போது மோசமாகக் காட்டிக்கொடுப்பது போன். கரண்டி லேபிளில் அதே வாட்சாப் எண்ணைப் போட்டால், எண்ணைத் தட்டியதும் தாழம்பூ படத்தோடு வியாபாரப் பக்கம் திறக்கும். பசார் மாலாம் கடையில் டூயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்தால், பணம் கட்டும் முன் திரையில் கடைப் பெயர் வரும். அங்கேயும் தாழம்பூ என்றால் அத்தனை வேலையும் வீண். கரண்டிக்குத் தனி எண் எடுங்கள், கியூஆரைப் பொது வியாபாரப் பெயரில் வாங்குங்கள். இரண்டும் ஒரு நாள் வேலை.

விற்கத் தொடங்கிய பிறகு

யாராவது நேராகக் கேட்பார்கள்: "அக்கா, ரெண்டும் உங்க மில்லுதானே?" பொய் சொல்லாதீர்கள். "ஆமா. அது வறுத்து அரைக்கிறது, ஏலம் பட்டை போட்டது. இது வறுக்காதது, தினச் சமையலுக்கு." இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல முடியும் என்றால் பயம் இல்லை. சொல்ல முடியவில்லை, உள்ளே இருப்பது ஒரே தூள்தான் என்றால், எந்தப் பெயர் வைத்தும் பயனில்லை. மில் பையன் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறான் என்றேன் அல்லவா?

முதல் மூன்று மாதம் தாழம்பூ கணக்கைத் தனியாக எழுதுங்கள். மொத்த விற்பனையைப் பார்த்து ஏமாற வேண்டாம், இரண்டு சரக்கு விற்றால் மொத்தம் ஏறத்தான் செய்யும். தாழம்பூவின் பழைய வாடிக்கையாளர்கள், குறிப்பாகக் கல்யாணச் சமையல்காரர்கள், வழக்கமான அளவை எடுக்கிறார்களா என்று பாருங்கள். அவர்களில் ஒருவர் "அதே தூள்தானே, கொஞ்சம் விலை குறைங்க" என்று சொன்னால் பெயர்கள் வாயில் கலக்கத் தொடங்கிவிட்டன. அவர் எந்தக் கடையில் வாங்குகிறார் என்று கேட்டு அங்கே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அலமாரியில் இரண்டும் ஒட்டி இருக்கும், அல்லது கடைக்காரரே "இது அவங்களோட மலிவு ஐட்டம்" என்று அறிமுகம் செய்துகொண்டிருப்பார். அவருக்கு வேறு ஒரு வாக்கியம் கொடுங்கள். "இது தினக் கறிக்கு" போதும்.

ஏற்கெனவே "தாழம்பூ ஜிமாட்" மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டவர்கள், கையில் இருக்கும் லேபிளைத் தீர்த்துவிட்டு மாற்றலாம் என்று நினைப்பார்கள். நான் லேபிள் விற்பவன், ஆனாலும் சொல்கிறேன், தீர்க்க வேண்டாம். புதுப் பொட்டலத்தில் "முன்பு தாழம்பூ ஜிமாட்" என்றும் எழுத வேண்டாம், அறுக்க நினைக்கிற கயிற்றை நீங்களே திரும்பக் கட்டுவதாகும். கடைக்காரர்களிடம் மட்டும் நேரில் போய், பழைய பொட்டலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு கரண்டியைக் கொடுங்கள். அந்த வாடிக்கையாளரின் 5,000 லேபிளில் ஏறத்தாழ 3,000 மிச்சம் இருந்தது. என் கடைப் பின்னால் அட்டைப் பெட்டியில் இன்னும் கிடக்கிறது, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.